பின்பாட்டுக்காரரும் வாசிக்கலாம்

(நாகர்கோவிலுக்கு அருகே ஓர் ஊர்ப்புற நூலகத்தில், சிறு பிள்ளைகளின் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்கு முதலில் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சாரே, நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் போனேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பிள்ளைக்கு நான் என்னத்த வாசிச்சுக் காட்ட?" கேட்பவர் பெரும்பாலும் அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மாவாக இருப்பார், அல்லது விடிவதற்கு முன்னால் ரப்பர் வெட்டப் போகிற அப்பாவாக இருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே நாம்தான் முதல். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் பஸ் போர்டு வாசிப்பவர், ரேஷன் கார்டில் தன் பெயரைக் கண்டுபிடிப்பவர் எல்லோரும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். ஒரு கதைப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பலருக்கும் நாக்கு தடுமாறும். இன்று நான் பேச வந்தது அவர்களோடுதான்.

அந்தக் கேள்விக்கான பதிலை நம் ஊர்க் கொடை விழாவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லுப்பாட்டில் கதை சொல்லுகிறவர் அண்ணாவி. வீசுகோல் அவர் கையில் இருக்கிறது, கதையும் அவர் வாயில் இருக்கிறது. பக்கத்தில் குடத்தோடும் உடுக்கையோடும் உட்கார்ந்திருப்பவர்கள் பின்பாட்டுக்காரர்கள். "ஆமா" என்கிறார்கள், அண்ணாவி விட்ட கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக் கதையை அடுத்த அடிக்குத் தள்ளுகிறார்கள். அவர்கள் இல்லாமல் கதை நகராது. புத்தகத்துக்கு முன்னால் பிள்ளையோடு உட்காரும்போது நீங்கள் அண்ணாவியாக வேண்டாம். அந்த இடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

வாசிக்கத் தெரியாதவர் வாசிப்பில் பங்கெடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. சாமிதோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. அகிலத்திரட்டு அம்மானையை வாசிப்பவர் சிலர், கேட்பவர் ஆயிரம் பேர். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் பாடுகிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் சாயங்கால ஜெபத்தில் வேதப்புத்தகத்தை வாசிப்பது பல நேரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கண்மூடிக் கேட்பது பாட்டி. அந்தப் பாட்டிக்கு எந்தச் சங்கீதம் எங்கே திரும்பும் என்று மனப்பாடம். பிள்ளை ஒரு சொல்லை விழுங்கினால் கண் திறக்காமலே பிடித்துவிடுவார்.

இனி இதை வீட்டில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். மூன்று வயதுப் பிள்ளை, எழுத்து அதிகம் இல்லாத ஒரு படப்புத்தகம். பக்கத்தில் ஒரு கோழி, பின்னால் குஞ்சுகள், தூரத்தில் ஒரு குளம். அம்மா வேலை முடிந்து வந்து, அடுக்களை வேலையும் ஒதுங்கிய நேரம். பிள்ளை மடியில் இருக்கிறது, புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கிறது. பக்கத்தைத் திருப்புவது பிள்ளைதான்.

பிள்ளை "கோழி" என்கிறது. அம்மா, "ஆமா மக்கா, கோழி. செவலக் கோழி. அது எங்க போவுது?" என்கிறார். பிள்ளை விரலை நீட்டி "அங்க" என்கிறது. "ஆமா, அங்க கொளத்துக்குப் போவுது. குஞ்சுகளையும் கூட்டிட்டுப் போவுது. எதுக்குப் போவுது?" இந்த இடத்தில் அம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணுகிற நேரம். பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறோம். ஐந்து வரை பொறுத்தால் பிள்ளை "தண்ணி" என்று சொல்லும். "ஆமா, தண்ணி குடிக்கப் போவுது."

இதில் அம்மா செய்தது மூன்று காரியம். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அதோடு ஒரு சொல்லைக் கூட்டினார். ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததன் சாரமும் ஏறக்குறைய இதுதான். எல்லா வீட்டிலும் பிள்ளைக்குப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு பாதி வீடுகளில் மட்டும் இப்படிக் கேட்டு, திருப்பிச் சொல்லி, கூட்டிச் சொல்லி வாசித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, தன் எண்ணத்தைச் சொல்லில் வெளியிடும் திறனில் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னால் இருந்தார்கள்.

"அது படித்தவர்கள் வீடு, நம்ம வீட்டுக்கு ஆகுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வெளியே கயலிட்ஷா என்று மிக ஏழ்மையான குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே 91 குடும்பங்களில் ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தைகளோடு இதே முறையைச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதித் தாய்மாருக்கு எட்டு வாரம் படப்புத்தகத்தை வைத்துப் பேசப் பழக்கினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சொல் கூடியது, ஒரே பொருளில் கவனம் நிற்கும் நேரமும் கூடியது.

நம் வீடுகளில் இது எங்கே கெடுகிறது? கதை பரீட்சையாக மாறும் இடத்தில். "இது என்ன? என்ன கலரு? எத்தன குஞ்சு, எண்ணிச் சொல்லு. நேத்து சொல்லித் தந்தேன்லா?" பக்கத்து வீட்டு மயினி வந்து நின்றால் இது இன்னும் கூடும். பிள்ளை பக்கங்களை மளமளவென்று புரட்டினாலோ, புத்தகத்தை மூடி மேலே உட்கார்ந்துகொண்டாலோ, அதற்கு வாசிப்பு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேள்வி கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பக்கம் நீங்களே கதை சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி போதும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். அதே புத்தகத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் கொடுங்கள். நான்காவது நாள் கதையில் ஒரு இடத்தைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளை உங்களைத் திருத்தும்.

படத்தில் பலாப்பழம் இருக்கும், பிள்ளை "சக்க" என்று சொல்லும். மரவள்ளிக் கிழங்கைப் பார்த்து "மரச்சீனி" என்று சொல்லும். "அப்படிச் சொல்லக் கூடாது" என்று அடக்குகிற படித்த மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "ஆமா, சக்கதான். புத்தகத்துல பலாப்பழம்னு போட்டிருக்கு" என்று இரண்டையும் சொன்னால் போதும். வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் இருக்கிற தமிழ் வேறு. ஒன்றாம் வகுப்பில் பிள்ளை முட்டுகிற முதல் சுவர் அதுதான். அச்சுத் தமிழை முன்பே காதால் கேட்ட பிள்ளைக்கு அந்தச் சுவர் உயரம் குறைவு. கதை முழுவதையும் வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, அண்ணனோ அக்காவோ அதே பக்கத்தை அச்சில் உள்ளபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை தம்பிக்கு வாசித்துக் காட்டும்போது அந்தப் பெரிய பிள்ளையின் வாசிப்பும் ஓடத் தொடங்கும்.

இதுவரை சொன்னது பேச்சும் காதும். இப்படிக் கதை பேசினால் மட்டும் பிள்ளைக்கு எழுத்து வந்துவிடாது. இந்த எல்லையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும். எழுத்துக்கு வேறு வழியில் போக வேண்டும். அதற்கும் நம்மிடம் ஒரு நல்ல வாசல் இருக்கிறது.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதிய பசுவும் கன்றும் பாட்டு இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாருங்கள், கை தூக்காதவர்கள்தான் குறைவு. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்பில் விட்டவருக்கும் அது மறக்கவில்லை. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிற பாட்டை நீங்கள் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் பாட்டின் முதல் நான்கு வரிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கன்வாடி டீச்சர் எழுதலாம், மூத்த பிள்ளை எழுதலாம். எழுத்து கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கட்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். சுவரில் ஒட்டினால் பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள், உங்கள் கண் உயரத்துக்கு வேண்டாம்.

நாலு வயதுப் பிள்ளை பாட்டைப் பாடிக்கொண்டே சொற்களுக்குக் கீழே விரலை ஓட்டட்டும். முதல் வாரம் என்ன நடக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வரி முடிவதற்குள் விரல் அட்டையைத் தாண்டிவிடும். "கன்றுக்குட்டி" என்பது ஒரு சொல். ஆனால் வாயில் அது கன்-றுக்-குட்-டி என்று நாலு துடிப்பு. பிள்ளை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சொல் வீதம் விரலை நகர்த்தும். இதைத் தப்பு என்று திட்டாதீர்கள், பிள்ளை சத்தத்தைப் பிரித்துக் கேட்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் அதன் விரல்மேல் உங்கள் விரலை வைத்து, அந்தச் சொல் முடிகிறவரை மெதுவாக இழுத்துப் பாடுங்கள். சில வாரத்தில் வரியும் விரலும் சேர்ந்து முடியும். அன்றைக்குப் பிள்ளைக்கு அச்சில் சொல் என்பது எது என்று பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு "கன்றுக்குட்டி எங்க இருக்கு, தொட்டுக் காட்டு" என்று கேட்கலாம்.

பிள்ளை உண்மையாக வாசிக்கிறதா, இடத்தை நினைவு வைத்துச் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சொல்லைத் தரையில் கரித்துண்டால் எழுதிக் கேளுங்கள். அட்டையில் சொல்கிற பிள்ளை தரையில் திகைத்தால், அது இன்னும் இடத்தைத்தான் வாசிக்கிறது. பஸ் போர்டு வாசிப்பதும் இப்படித்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று "தக்கலை பஸ்" என்று பிள்ளை கத்தினால் அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும். பிளாட்பாரத்தையும் கண்டக்டரையும் பார்த்துக்கூட அது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து தக்கலை, குளச்சல், திங்கள்சந்தை என்று மூன்றையும் எழுதி எது எது என்று கேட்டால் தெரிந்துவிடும்.

எழுத்தை வரிசையாக அ முதல் 247-ஐயும் ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று ஒரு பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒப்பிக்கிற பிள்ளை எழுத்தைப் பார்ப்பதில்லை. ப, ட, ம, ர என்று நாலே எழுத்தையும், புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மரம், மடம், பட்டம் என்று அதிலேயே சொற்கள் கிடைத்துவிடும். தீப்பெட்டி அட்டையை வெட்டி எழுத்துக்கு ஒன்றாக எழுதி, மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று புள்ளி வைத்த எழுத்து. நாம் அதை "இம்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை நாம் சொன்னபடியே "ம, ர, இம்" என்று கூட்டி "மரயிம்" என்று வாசிக்கும். பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். முந்தின எழுத்தோடு ஒட்டி "ரம்" என்று ஒரே துண்டாகச் சொல்லிக்கொடுங்கள். கை தட்டிப் பார்த்தாலும் மரம் என்பதற்கு ம-ரம் என்று இரண்டு தட்டுதான் வருகிறது. எழுத்து மூன்று, தட்டு இரண்டு. பிள்ளையின் காது சொல்வது சரி, நாம் சொல்லிக்கொடுத்த முறைதான் அதைக் குழப்பியது.

மற்றொன்று "கொ". கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, நடுவில் க, கடைசியில் ஒரு கால். அந்தக் காலும் "ர" என்ற எழுத்தும் பார்வைக்கு அண்ணன் தம்பி. "கொடி" என்பதைப் பிள்ளை "கெரடி" என்று வாசித்தால் மண்டையில் ஏறவில்லை என்று நினைக்காதீர்கள். கண்ணில் பட்டதை ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறது. ர-வுக்குக் கீழே சாய்ந்த ஒரு வால் உண்டு, காலுக்கு வால் இல்லை. அதைக் காட்டிக்கொடுத்து, மூன்று துண்டையும் ஒரு வட்டம் போட்டு "இது முழுசும் சேர்ந்து கொ" என்று சொல்லுங்கள். இதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. கா, கி, கு எல்லாம் பழகிய பிறகு வரட்டும்.

ஆச்சிமாருக்கு ஒரு வார்த்தை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போன நீங்கள் லை, னை, றா போன்றவற்றைச் சுழித்து எழுதிப் பழகியிருப்பீர்கள். பேரன் புத்தகத்தில் அப்படி இருக்காது. "நாங்க படிச்சப்ப இப்படி எழுதினோம்" என்று அவனுக்கு எழுதிக் காட்டுங்கள், ஆனால் அவன் எழுதுவதை அழித்துத் திருத்தாதீர்கள்.

இங்கிலீஷ் மீடியம் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எல்.கே.ஜி.யில் சேர்த்தாகிவிட்டது, இனி வீட்டில் தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் நீங்கள் பின்பாட்டுப் பாட முடியாது. பிள்ளையோடு "ஏன், எதுக்கு, அப்புறம்" என்று பேச உங்களுக்கு இருக்கிற மொழி தமிழ். களியக்காவிளைப் பக்கம் சில வீடுகளில் மலையாளம். எழுத்தையும் ஓசையையும் சேர்க்கிற வித்தை ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்த மொழியில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. என்னிடம் கேட்டால் வீட்டில் உங்களுக்கு வருகிற மொழியையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

புத்தகத்துக்குக் காசு வேண்டுமே என்றால், இந்த நூலகமே இருக்கிறது. பிள்ளை பேரில் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லுங்கள். "படம் பெரிசா, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகம் வேணும்" என்று நூலகரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்காவிட்டால் கைக்கு வருவது பொடி எழுத்தில் உள்ள நீதிக்கதைத் தொகுப்பாகத்தான் இருக்கும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூத்த பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், நுழை புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று டீச்சரிடம் கேளுங்கள். கையில் போன் இருக்கிறவர்கள் storyweaver.org.in என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும். முதல் நிலைக் கதைகளில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான். போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள், அடுத்த நிமிடம் அது கார்ட்டூனுக்குப் போய்விடும். சினிமாப் பாட்டு வரிகள் ஓடுகிற வீடியோவும் நல்லதுதான், ஆனால் வரிகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல தமிழ்ப் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் வராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். கூப்பிட்டால் பின்னாலிருந்து திரும்பாத பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடிகிற பிள்ளை, டிவிக்கு மிக அருகே போய் உட்காருகிற பிள்ளை, இவர்களுக்குக் காதையும் கண்ணையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம், தனியார் மருத்துவரிடம் போக வசதி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். காதும் கண்ணும் சரியாக இருந்தும், இரண்டாம் வகுப்பு முடிகிற நேரத்தில் மரம், படம் மாதிரிச் சொற்களையே கூட்ட முடியாமல் நின்றால், வகுப்பு டீச்சரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். பிள்ளை கேட்கும்படி வாசலில் நின்று பேசாதீர்கள்.

நூலகர் இப்போது படப்புத்தகங்களை அந்த மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்புங்கள், எதை எடுப்பது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கேள்வி இருப்பவர்கள் இங்கேயே இருங்கள், நான் இருக்கிறேன்.